கேமராவுல கறுப்பா விழுந்த ஆளு

அந்தக் கேமரா எங்க ஸ்டேஷனுக்கு வந்தது போன வருசத்துக்கு முந்தின வருசம். மெட்ராஸ்ல இருந்து ஒருத்தர் கொண்டாந்தாரு. கம்பெனி ஆளு. போடிக்கு முத தடவையா வர்றவரு போல, மதுரை ரயிலை விட்டு எறங்கினதுல இருந்து கைக்குட்டையால மூக்கப் பொத்திக்கிட்டே இருந்தாரு. "என்ன சார் வாசன இது?"ன்னு கேட்டாரு. "ஏலக்கா சார். ஊரே இதுலதான் குளிக்கும்"ன்னு சொன்னேன். நம்பிட்டாரு.

நான் போடி தீயணைப்பு நிலையத்துல ஃபயர்மேன். பத்தாவது எழுதினேன், கணக்குல போயிருச்சு. மணியடிச்சா வண்டியில தொத்தணும், ஹோஸை இழுக்கணும், மத்த நேரத்துல வண்டியக் கழுவணும். இதுதான் சோலி. வாய் மட்டும் எனக்குக் கொஞ்சம் நீளம். எங்க லீடிங் ஃபயர்மேன், நாங்க லீடிங் அண்ணேன்னு கூப்புடுறவரு, "ஒன் வாயில ஒரு ஹோஸ் நாசில மாட்டிவிட்டா பம்பே வேணாம்டா"ன்னு சொல்லுவாரு.

கேமராவ மேசை மேல வச்சு ஸ்டேஷன் ஆபீசர் சாரு எங்களைச் சுத்தி நிக்க வச்சாரு. பாக்க சின்னப் பீரங்கி கணக்கா இருந்துச்சு. முன்னாடி ஒரு கண்ணு. சாதாக் கண்ணாடி இல்லையாம் அது, வேற ஏதோ பொருளு. பின்னாடி கண்ண வச்சுப் பாக்குறதுக்கு ஒரு ரப்பர் குழி, அதுக்குள்ள தீப்பெட்டி அளவு டிவி. தூக்கிப் பாத்தா தோள்பட்ட எறங்குது.

"இது வெளிச்சத்தப் பாக்காது. சூட்டைத்தான் பாக்கும்"னு மெட்ராஸ்காரர் சொன்னாரு. "புகை எவ்வளவு இருட்டா இருந்தாலும் சரி, அதுக்குள்ள இருக்கிற சூடு இதுல படமா விழும். சூடா இருந்தா வெள்ளை. ஆறிப்போயிருந்தா கறுப்பு. மனுசன் ஒடம்பு எப்பவும் சூடு. அதனால புகைக்குள்ள வெள்ளையா ஒரு உருவம் தெரிஞ்சா, அதுதான் ஆளு. நேராப் போய்த் தூக்க வேண்டியதுதான்."

"சார், எங்க லீடிங் அண்ணே கறுப்பு. அவரும் வெள்ளையாத்தான் தெரிவாரா?"ன்னு கேட்டேன்.

லீடிங் அண்ணே என் பிடரியில ஒண்ணு வச்சாரு. மெட்ராஸ்காரரு சிரிக்காம, "தெரிவாரு"ன்னாரு.

இன்னும் ரெண்டு விசயம் சொன்னாரு. கேமராவ ஒரே எடத்துல ஆடாம அசையாமப் பிடிச்சா படம் மங்கி மங்கி அழிஞ்சு போயிரும். அதனால மெதுவா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கிட்டே இருக்கணும். அப்படி வீசும்போது ரொம்பச் சூடான பொருளு எதிர்ல பட்டா, அதுக்குப் பின்னாலயே கறுப்பா ஒரு வால் இழுக்கும். "அது நிஜமா அங்க இருக்கிற பொருளு இல்ல. கேமராவோட கோளாறு. அந்தக் கறுப்பக் கண்டுக்காதீங்க"ன்னாரு. ஆபீசர் சாரு அத எங்களத் திருப்பிச் சொல்லச் சொன்னாரு. நாங்களும் ஸ்கூல் பயலுக மாதிரி கோரஸா சொன்னோம். வெள்ளையப் பிடி, கறுப்ப விடு.

அப்பறம் என்னையப் பின்னாடி ஸ்டோர் ரூம்ல போட்டு, ஈர வைக்கோலக் கொளுத்திப் புகையப் போட்டாங்க. எங்கயாவது ஒளிஞ்சுக்கடான்னாங்க. நான் ஒரு நாற்காலியில கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு, எந்திரிச்சுப் போய் பழைய ஹோஸ் சுருளுக்குப் பின்னாடி படுத்துக்கிட்டேன். லீடிங் அண்ணே கேமராவோட வந்தாரு. நேரா நாற்காலிகிட்ட நின்னாரு. "டேய், இங்க ஒரு சோடி உருண்டை தெரியுது, ஆளக் காணோம்"னாரு. நான் ஒக்காந்து எந்திரிச்ச சூடு பலகையில அப்பிடியே இருந்திருக்கு. ஸ்டேஷனே சிரிச்சுச்சு. அடுத்த வீச்சுல என் தலை வெள்ளையா ஹோஸ் மேல தெரிய, காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு.

எங்களுக்கு அது பெரிய விசயம். அதுவரைக்கும் புகைக்குள்ள ஆளு தேடணும்னா கையாலதான். சுவரைத் தொட்டுக்கிட்டே தவழ்ந்து போகணும், காலை நீட்டித் துழாவணும், கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னால, மூலையிலன்னு ஒண்ணு விடாமத் தடவணும். ஸ்டேஷன்ல முதுகுல மாட்டுற காத்துச் சிலிண்டரு ரெண்டே ரெண்டுதான். அதுல இருக்கிற காத்து ஒரு ரூமத் தடவி முடிக்கிறதுக்குள்ள தீந்துரும், விசிலடிச்சிரும். இந்தக் கேமரா இருந்தா வாசல்ல நின்னு ரெண்டு வீச்சு வீசினாப் போதும்.

மெட்ராஸ்காரரு பத்து நாளு தங்குறதா ஏற்பாடு. ஒரு நெசமான தீயில கேமராவக் காட்டிட்டுப் போகணும்னு அவருக்கு ஆசை. தெனமும் காலையில வந்து, "ஒண்ணும் இல்லையா?"ன்னு கேப்பாரு. "எங்கயாச்சும் வைக்கச் சொல்லவா சார்?"ன்னு நான் கேப்பேன்.

அவர் ஆசை வீண் போகல. ஒரு நாள் பகல்ல, போடிமெட்டுக்குப் போற வழியில இருக்கிற ஒரு எஸ்டேட்டுல இருந்து ஜீப்புல ஆளு வந்துச்சு. ஏலக்கா ஸ்டோர் பிடிச்சுக்கிச்சுன்னு.

ஏலக்கா ஸ்டோர்னா வெளியூர்க்காரங்க குடோன்னு நெனப்பாங்க. இல்ல. பச்ச ஏலக்காயக் காய வைக்கிற ரூம். தடிச்ச மண்சுவரு, மேல ஓடு. வெளியில அடுப்பு, அதுல வெறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியா ரூமுக்குள்ள தரையோரமாச் சுத்தி வந்து மறுபக்கம் புகைபோக்கியில போயிரும். குழாய்க்கு மேல அடுக்கடுக்காக் கம்பிவலைத் தட்டு, தட்டு நெறைய காயி. கதவச் சாத்திட்டா உள்ள இட்லிக் கொப்பரைதான். சூடு எறங்கினா காயி பச்ச நெறம் போயி வெளுத்துரும், ஏலத்துல வெல போகாது. அதனால கதவ யாரும் சும்மாத் தொறக்கக் கூடாது. அடுப்புக்காரரு தட்டுல இருக்கிற காயப் பெரட்டிவிட உள்ள போனாக்கூட, வெளிய நிக்கிற ஆளு ஒடனே கொண்டியப் போட்டுருவான். காத்துக்குக் கதவு தொறந்துக்கக் கூடாதுல்ல. சோலி முடிஞ்சதும் உள்ள இருந்து தட்டினா வெளிய இருந்து தொறந்துவிடுவாங்க. எல்லா ஸ்டோர்லயும் வழக்கம் அதுதான்.

வண்டி அந்த வளைவுகள்ல ஏறிப் போறதுக்குள்ள எனக்கு ஈரக்கொல வெளிய வந்துருச்சு. மெட்ராஸ்காரரு கேமராப் பெட்டிய மடியில வச்சுக் கட்டிப் பிடிச்சிருந்தாரு. ஒவ்வொரு வளைவுலயும் என் மேல வந்து சாஞ்சாரு. "சார், கேமராவ என்கிட்டக் குடுங்க, நீங்க விழுந்தா வேற ஆளு அனுப்புவாங்க"ன்னேன்.

போய்ச் சேர்ந்தப்ப ஸ்டோரோட ஓட்டு இடுக்குல எல்லாம் கரும்புகை பீறிக்கிட்டு வந்துச்சு. குழாய் ஜாயின்ட்டு ஒண்ணு விட்டுப்போயி நெருப்பு தட்டுல ஏறியிருக்கு. கதவுல கொண்டி போட்டபடியே கெடந்துச்சு. எஸ்டேட் முதலாளி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பக்கத்து ரூமுக்கு முன்னாடி நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாரு. அந்த ரூம்லதான் காஞ்ச ஏலக்கா மூட்டை அடுக்கியிருந்துச்சு. ரெண்டு ரூமுக்கும் நடுவுல பலகைச் சுவரு மட்டும்தான்.

"மூட்டையக் காப்பாத்துங்க! மூட்டையப் பாருங்க மொதல்ல!"

அவருக்கு முன்னாடி ஒரு பொம்பள வந்து ஆபீசர் சாரு கையப் பிடிச்சுக்கிச்சு. அடுப்புக்காரரோட சம்சாரம். அதே எஸ்டேட்டுல காயி எடுக்கிற வேலை. காயெடுக்கிற கூடை இன்னும் இடுப்புல கட்டியிருந்துச்சு, காட்டுக்குள்ள இருந்து அப்படியே ஓடியாந்திருக்கு.

"சாமி, அவரு உள்ள இருக்காரு. காயிப் பெரட்டப் போனவரு வரல."

"உள்ளயா? வெளிய கொண்டி போட்டிருக்கே ஆத்தா"ன்னாரு ஆபீசர் சாரு.

"அப்படித்தான் சாமி போடுவாங்க! தட்டினாத் தொறப்பாங்க. இன்னைக்கு அடுப்புக்கிட்ட வேற ஆளில்ல. கங்காணிதான் கொண்டி போட்டாரு, நான் மேல இருந்து பாத்தேன்."

கங்காணி தூரத்துல ஒரு சில்வர் ஓக் மரத்துக்கிட்ட நின்னாரு. அவரு வானத்தப் பாத்தாரு. "நான் போடல. நான் எதுக்குப் போடுறேன்?"

முதலாளி, "அவன் தண்ணியப் போட்டுட்டு எந்த ஓடையில கெடக்கானோ. இவ ஒருத்தி. அவனாலதான் இந்தத் தீயே. ஜாயின்ட்டுக்கு மண்ணு பூசுடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்"ன்னாரு.

"அவரு குடிக்க மாட்டாரு மொதலாளி."

"ஒனக்குத் தெரியாமக் குடிப்பான்."

ஆபீசர் சாரு ரெண்டு பேரையும் பாத்தாரு. அப்பறம் மெட்ராஸ்காரரப் பாத்தாரு. "சரி, சண்ட வேணாம். மிஷின் இருக்கு. உள்ள ஆளு இருந்தா அது காட்டிரும்"ன்னாரு.

மொதல்ல வெண்டிலேட்டர் வழியா ஹோஸ விட்டுத் தண்ணிய அடிச்சோம். தட்டுல பிடிச்ச நெருப்பு அமுங்குச்சு. ஆனா புகையும் ஆவியும் இன்னும் கெட்டியாச்சு. லீடிங் அண்ணேயும் நானும் சிலிண்டர மாட்டி, முகமூடியப் போட்டு, கொண்டிய நீக்கி உள்ள போனோம். அவரு கையில கேமரா. என் கையில ஹோஸு. அவரு இடுப்பு பெல்ட்ட நான் பிடிச்சுக்கிட்டேன்.

உள்ள ஒண்ணும் தெரியல. என் கையே எனக்குத் தெரியல. சூடு சட்டையைத் தாண்டி வந்து தோல்ல ஒட்டுச்சு. லீடிங் அண்ணே வாசல்லயே முழங்கால் போட்டு கேமராவ வீசுறது மட்டும் பெல்ட்டு அசையிறதுல தெரிஞ்சுச்சு. எடதுல இருந்து வலது. வலதுல இருந்து எடது. இன்னொரு தடவை. அப்பறம் ரெண்டடி உள்ள நகர்ந்து இன்னொரு தடவை. நான் பழக்கதோசத்துல சுவர் ஓரமாத் தவழப் போனேன். அவரு என் தோளத் தட்டி, வெளிய போன்னு சைகை காட்டினாரு.

வெளிய வந்து முகமூடியக் கழட்டினதும் அவரு சொன்னாரு: "குழாயெல்லாம் பளீர்னு வெள்ளையாத் தெரியுது. தட்டு, சுவரு எல்லாம் வெளுப்பு. ஆளு மாதிரி வெள்ளையா ஒண்ணும் இல்ல சார்."

"நல்லாப் பாத்தியாப்பா?"

"மூணு வீச்சுப் பாத்தேன் சார். குழாய்க்குப் பக்கத்துல கறுப்பா ஒரு வால் இழுத்துச்சு, அவ்வளவுதான்."

"அது கேமரா கோளாறு, கண்டுக்க வேணாம்"னாரு மெட்ராஸ்காரரு.

ஆபீசர் சாரு அந்தப் பொம்பளகிட்டத் திரும்பி, "ஆளில்ல ஆத்தா. மிஷின்ல பாத்தாச்சு. உன் புருசன் வெளியதான் எங்கயோ இருக்கான்"னாரு.

முதலாளி, "நான் சொல்லல?"ன்னாரு.

அந்த அக்கா அழல. கதவுக்கிட்ட ஓடுச்சு. ரெண்டு எஸ்டேட் ஆளுக பிடிச்சுக்கிட்டாங்க. "நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"ன்னு என்னையப் பாத்துக் கேட்டுச்சு. "தம்பி, கையால தொட்டுப் பாத்தீங்களா?"

"அக்கா, தொடவே வேணாம், அது இருட்டுலயும் பாக்கும்"ன்னேன். நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்.

அதுக்குள்ள முதலாளி ஆபீசர் சாரோட தோளப் பிடிச்சு மூட்டை ரூமுக்கு இழுத்துட்டாரு. அங்க கேமரா வேலைய ரொம்ப நல்லாச் செஞ்சுச்சு. பலகைச் சுவரு கண்ணுக்குச் சும்மா பலகையாத்தான் இருந்துச்சு, ஒரு கறை இல்ல. கேமராவுல பாத்தா மேல ஓரமா, உத்தரத்துக்குக் கீழ, ஒரு சொளகு அளவுக்கு வெள்ளை. "அங்க வெட்டு"ன்னாரு லீடிங் அண்ணே. கோடாலியால ரெண்டு போடு போட்டேன். பலக பொளந்ததும் உள்ள செவசெவன்னு கங்கு. சத்தமில்லாம ஊர்ந்துக்கிட்டு இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா மூட்டை அம்புட்டும் போயிருக்கும். தண்ணிய அடிச்சு அணைச்சோம். அப்பறம் இன்னொரு எடம், இன்னொரு எடம். கேமரா காட்டக் காட்ட நான் வெட்டினேன். எஸ்டேட் ஆளுக கைதட்டினாங்க. முதலாளி மெட்ராஸ்காரரோட ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. மூட்டைகளத் தூக்கி ஜீப்புல ஏத்த ஆரம்பிச்சாங்க. லீடிங் அண்ணே மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்ப நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல.

அந்த அக்கா மட்டும் ஸ்டோருக்குப் பின்பக்கமாப் போயி, சுவரடியில காத்துப் போறதுக்கு விட்டிருக்கிற ஓட்டைகள்ல ஒவ்வொண்ணா வாய வச்சுக் கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சு. "ஏங்க... ஏங்க..." புருசன் பேரச் சொல்லிக் கூப்புடக்கூட அதுக்கு வரல.

"பாவம், பித்து பிடிச்சிருச்சு"ன்னான் ஒருத்தன்.

லீடிங் அண்ணே தண்ணி குடிக்கப் போனாரு. கேமராவ என்கிட்டக் குடுத்து, "கீழ போட்டே, ஒன் தோல உரிச்சிருவேன்"ன்னாரு. தனியா என் கைக்கு இப்பத்தான் மொத தடவையா அது வருது. சும்மா இருப்பேனா? கண்ண வச்சு ஒவ்வொருத்தனாப் பாத்தேன். முதலாளி மூஞ்சி வெள்ளையா ஒளிவிட்டுச்சு, மூக்கு மட்டும் கறுப்பு. ஆஸ்பத்திரியில சொல்லணும் இவருக்கு மூக்கு செத்துப்போச்சுன்னு. கங்காணி வெள்ளை. எஸ்டேட் ஆளுக, நாய் ஒண்ணு, எல்லாம் வெள்ளை.

அப்பறம் எங்க பம்ப் ஆப்பரேட்டரு குறுக்க வந்தாரு. ஹோஸ் கப்ளிங் ஒழுகி ஆளு தலையில இருந்து கால் வரைக்கும் தொப்பலா நனஞ்சிருந்தாரு. மலங்காத்து வேற. ஸ்டோரோட மண்சுவருக்கு முன்னாடி வந்து நின்னு சட்டையப் பிழிஞ்சாரு. உள்ள எரிஞ்ச சூட்டுல அந்தச் சுவரு கேமராவுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்திருந்துச்சு. அதுக்கு முன்னாடி அவரு கரியால வரைஞ்ச மாதிரி கறுப்பா நின்னாரு. தலை கறுப்பு, சட்டை கறுப்பு, கை கறுப்பு.

எனக்குச் சிரிப்பு தாங்கல. "அண்ணே, நீங்க செத்துட்டீங்க! பாருங்க, கறுப்பாத் தெரியுறீங்க. வெள்ளையாத் தெரிஞ்சாத்தான் ஆளாம், நீங்க ஆளே இல்ல!"

அவரு ஒரு கெட்ட வார்த்த சொன்னாரு. லீடிங் அண்ணே சொம்போட திரும்பினாரு. "என்னடா சொன்ன?"

"கறுப்பாத் தெரியுறாருண்ணே. சுவரு இவரவிடச் சூடா இருக்குல்ல, அதான்..."

சொல்லிக்கிட்டே ஸ்டோர் கதவத் திரும்பிப் பாத்தேன். லீடிங் அண்ணே சொம்பக் கீழ போட்டாரு. தண்ணி என் கால் மேல கொட்டுச்சு.

"உள்ளயும் எல்லாம் சூடுதானே"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. "குழாய் சூடு, தட்டு சூடு, சுவரு சூடு. நாமதான் வெண்டிலேட்டர் வழியாத் தண்ணி அடிச்சோம். நனஞ்ச ஆளு அதுக்குள்ள எப்படிறா வெள்ளையாத் தெரிவான்?"

மெட்ராஸ்காரரு என் கையில இருந்து கேமராவ வாங்கிக்கிட்டாரு. "நாங்க டெமோ காட்டுற எடமெல்லாம் சாதா ரூமு..."

"அந்தக் கறுப்பு வால்"னாரு லீடிங் அண்ணே. "நான் திருப்பி வீசினப்பவும் அது அதே எடத்துல கெடந்துச்சு. வாலா இருந்தா மறுபக்கம் போயிருக்கணும்ல?"

அவரு சிலிண்டர மாட்டினாரு. என்னுதுல காத்து கொஞ்சம்தான் மிச்சம். மாட்டிக்கிட்டேன்.

இந்தத் தடவை கேமராவ எடுக்கல. சுவரத் தொட்டுக்கிட்டு, வயித்தால ஊர்ந்து, காலையும் கையையும் வீசித் துழாவிக்கிட்டே போனோம். குழாயில ஒரு தடவை என் முழங்கை பட்டுப் பொசுங்குச்சு. சிலிண்டரு விசிலடிக்க ஆரம்பிச்சிருச்சு. மூலையில குழாய் வளையிற எடத்துல என் கையில ஈரத் துணி பட்டுச்சு. அப்பறம் ஒரு குதிகாலு.

சுவரடி ஓட்டையில மூஞ்சிய வச்சுக் குப்புறக் கெடந்தாரு. அந்தப் பக்கத்துல இருந்து "ஏங்க, ஏங்க"ன்னு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்த அக்கா கரெக்டா அந்த ஓட்டையிலதான் அப்பக் கூப்புட்டுக்கிட்டு இருந்துருக்கு. அதுல வந்த காத்துதான் அவர இம்புட்டு நேரம் உயிரோட வச்சிருந்துச்சு. சத்தத்துக்கு மட்டும் அவரு பதில் சொல்லல.

இழுத்து வெளிய போட்டோம். மூச்சு இருந்துச்சு. பாத்தா நல்ல செகப்பா, வெயில்ல நின்னவன் மாதிரி ஒதடு செவந்திருந்துச்சு. நான், "பாருங்கண்ணே, எப்படிக் கலரா இருக்காரு, பொழச்சிட்டாரு"ன்னேன். லீடிங் அண்ணே, "வாய மூடுறா. அது புகை குடிச்ச செகப்பு"ன்னாரு.

கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரே ஜீப்புதான். அதுல மூட்டை லோடு ஏத்திக் கட்டியாச்சு. டிரைவரு எறக்கவா வேணாமான்னு முதலாளி மூஞ்சியப் பாத்தான். முதலாளி கீழ கெடந்தவரப் பாத்து, மொத வார்த்தையாக் கேட்டாரு: "ஜாயின்ட்டுக்கு மண்ணு பூசுனியாடா?"

ஆபீசர் சாரு இடுப்புல இருந்த கத்திய எடுத்து மூட்டைக் கயித்த அறுத்தாரு. மூட்டை உருண்டு ஏலக்கா ரோடெல்லாம் செதறுச்சு. அதுமேல மிதிச்சுக்கிட்டுத்தான் அவரத் தூக்கி ஏத்தினோம்.

அவரு சாகல. போடியில இருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயி, ரொம்ப நாளு கெடந்து, நடந்தே வெளிய வந்தாரு. வந்தவருக்குச் சம்சாரம் யாருன்னு தெரியல. சோத்த வாயில வச்சா மெல்லுவாரு, வைக்காட்டி ஒக்காந்திருப்பாரு. புகை மூளைக்கு ஏறிருச்சு, இன்னும் வெரசா எடுத்திருந்தா இப்படி ஆயிருக்காதுன்னு டாக்டரு சொன்னாராம். எவ்வளவு வெரசான்னு அந்த அக்கா கேட்டுச்சாம். அவரு அடுத்த நோயாளியக் கூப்புட்டாராம்.

மெட்ராஸ்காரரு அத விடல. மதுரையில பெரிய அதிகாரிகளுக்கு டெமோ வச்சாரு. போடி ஸ்டேஷன்ல இருந்து லீடிங் அண்ணேயையும் என்னையும் கூப்புட்டாங்க. அடுப்புக்காரரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, புது வேட்டி சட்டை அவங்களே எடுத்துக் குடுத்தாங்க. மேடையில நாற்காலி போட்டு ஒக்கார வச்சு மாலை போட்டாங்க. மெட்ராஸ்காரரு மைக்குல, "புகை நெறஞ்ச ரூமுக்குள்ள இருந்து இந்தக் கேமரா கண்டுபிடிச்ச உயிர் இது"ன்னாரு. கீழ எல்லாரும் கைதட்டினாங்க. அவரு மாலையில இருந்து ஒரு பூவப் பிச்சு வாயில போட்டு மென்னாரு. அதுக்கும் கைதட்டினாங்க, ஏதோ வெளையாட்டுன்னு நெனச்சு. அந்த அக்கா மேடையில ஏறிப் போயி, அவரு வாய்க்குள்ள வெரல விட்டு அதத் தோண்டி எடுத்து, முந்தானையில தொடச்சுட்டு எறங்கி வந்துச்சு.

டெமோ முடிஞ்சதும் லீடிங் அண்ணே மெட்ராஸ்காரரத் தனியாக் கூப்புட்டு, "சார், உங்க கேமரா இவரக் கண்டுபிடிக்கல"ன்னாரு.

"காட்டுச்சே. கறுப்பாக் காட்டுச்சே. நீங்கதானே பாத்தீங்க?"ன்னாரு அவரு.

அண்ணே அதுக்கப்பறம் எந்தத் தீக்குப் போனாலும் சுவரத் தொட்டுத்தான் போறாரு. புதுசா வர்ற பயலுகள, சூடு ஏறின ரூம்ல வெள்ளையத் தேடாத, சுத்தி இருக்கிறதுல இருந்து மாறித் தெரியுறது எதுவோ அதத் தொட்டுப் பாருன்னு போட்டு வாட்டுறாரு. கேமரா மெட்ராசுக்கே போயிருச்சு. எங்க ஸ்டேஷனுக்கு வாங்குற அளவுக்கெல்லாம் சர்க்கார்ல காசு இல்லையாம்.

முதலாளி ஸ்டோரத் திரும்பக் கட்டிட்டாரு. அடுப்பு வேலைய அந்த அக்காவுக்கே குடுத்தாரு, பெரிய மனசு பண்ணி. பொம்பளக் கூலிதான்.

போன மாசம் மெட்டுக்குப் போயிட்டு வர்றப்ப வந்த ஜீப்ப அந்த ஸ்டோர்கிட்ட நிறுத்திப் பாத்தேன். அடுப்புக்கு முன்னாடி வெறகு மேல அக்கா புருசன் ஒக்காந்திருந்தாரு. அக்கா காயிப் பெரட்ட உள்ள போகணும்.

"தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. இவரக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. நான் உள்ள போனா பின்னாடியே வருவாரு. கொண்டியப் போட்டுருங்க, தட்டுறேன்."

உள்ள போச்சு. நான் கொண்டியப் போட்டுட்டு அவரு மணிக்கட்டப் பிடிச்சேன். நல்ல பலம் இன்னும். கதவப் பாத்து இழுக்குறாரு.

"என்னண்ணே, உள்ள அப்படி என்ன வச்சிருக்கீங்க? பொதையலா?"ன்னு கேட்டேன்.

என்னையத் திரும்பிப் பாத்தாரு. அவரு பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

"ஒரு ஆளு கெடக்கான் உள்ள"ன்னாரு. "எடுக்கணும்."

"ஆளில்லண்ணே"ன்னேன்.

"இருக்கான்"னாரு. மறுபடி இழுத்தாரு. நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.